உயில் இருக்கிறது, நிரூபிக்க ஆள் இருக்கிறார்களா?

சென்னையில் வீடு வைத்திருந்த இந்து ஒருவர் உயில் எழுதிவிட்டு இறந்தால், அந்த உயிலை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கோருவதற்கு முன்பு புரோபேட் வாங்கியாக வேண்டும். நீண்ட காலம் இதுதான் சட்டம். 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-வது பிரிவு அப்படிச் சொன்னது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. அன்றிலிருந்து, "இனிமேல் உயிலுக்குக் கோர்ட்டே வேண்டாமாம்" என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கிறது.

அந்தப் பேச்சை நம்பி உயிலை பீரோவில் பூட்டி வைப்பவர்கள் பின்னால் வருத்தப்படுவார்கள். போனது கட்டாயம் மட்டுமே. உயில் உண்மையானது என்று நிரூபிக்கும் பொறுப்பு அப்படியே இருக்கிறது. அந்த நிரூபணம் காகிதத்தில் இல்லை, சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு மனிதர்களிடம் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிறது.

புரோபேட் என்றால் என்ன?

உயிலின் நகலை நீதிமன்றம் தன் முத்திரையிட்டு, "இது இறந்தவர் எழுதிய கடைசி உயில்தான்" என்று சான்றளித்துக் கொடுப்பதே புரோபேட். அதோடு, உயிலில் எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுபவராக, பெயர் குறிப்பிடப்பட்டவருக்குச் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தையும் அது உறுதி செய்கிறது. எக்ஸிகியூட்டருக்கு மட்டும்தான் புரோபேட் கிடைக்கும். உயிலில் அப்படி யாரையும் குறிப்பிடவில்லை, அல்லது குறிப்பிட்டவர் இறந்துவிட்டார் என்றால், சொத்தைப் பெற வேண்டியவர் மனுப் போடலாம். அவருக்குக் கிடைப்பது நிர்வாக உரிமைப் பத்திரம், உயில் நகலோடு சேர்த்து வரும். இதற்குப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். மற்றபடி இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான்.

புரோபேட்டின் பெரிய பலம், அது எல்லோரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு என்பது. சாதாரண வழக்கில் அண்ணன் தம்பிக்கு இடையே வரும் தீர்ப்பு அந்த இருவரோடு நிற்கும். புரோபேட் வந்துவிட்டால், நாளைக்கு வேறொருவர் வந்து "உயில் பொய்" என்று புதிதாக ஆரம்பிக்க முடியாது. மோசடியாக வாங்கப்பட்டது, தெரிவிக்க வேண்டியவருக்கு நோட்டீஸ் தரவில்லை என்பது போன்ற காரணம் இருந்தால், அதே நீதிமன்றத்தில் போய் ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

அதற்கு ஓர் எல்லையும் உண்டு. புரோபேட் நீதிமன்றம் உயில் உண்மையா என்று மட்டுமே பார்க்கும். அந்தச் சொத்து இறந்தவருக்குச் சொந்தமானதா, பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குப் பங்கு இருந்ததா என்பதையெல்லாம் அது தீர்மானிக்காது. அதற்குத் தனி வழக்குதான் போட வேண்டும்.

யாருக்குக் கட்டாயமாக இருந்தது, இப்போது யாருக்குத் தேவை?

பழைய கட்டாயம் நாடு முழுவதற்கும் பொருந்தியதில்லை. பிரிட்டிஷ் காலத்து மாகாணத் தலைநகரங்களான சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகியவற்றின் உயர் நீதிமன்ற எல்லைகளை ஒட்டித்தான் அது இருந்தது. அந்த எல்லைக்குள் எழுதப்பட்ட உயில், அல்லது எங்கே எழுதியிருந்தாலும் அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, நிலம் பற்றிய உயில் என்றால் புரோபேட் வேண்டும். மதுரைக்காரர் மதுரையில் உட்கார்ந்து தன் மதுரை வீட்டுக்கு எழுதிய உயிலுக்குத் தேவையில்லை. அவரே தன் சென்னை வீட்டைப் பற்றி எழுதியிருந்தால் தேவை. இஸ்லாமியர்களுக்கு இந்த விதி பொருந்தவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-ல் வந்த திருத்தம் விலக்கு அளித்தது. ஒரே நாட்டில் ஊரையும் மதத்தையும் பொறுத்து மாறிய இந்த ஏற்பாட்டைத்தான் 2025-ல் எடுத்துவிட்டார்கள். புரோபேட் கொடுக்கும் அதிகாரம் நீதிமன்றங்களிடம் அப்படியே இருக்கிறது. விரும்புகிறவர் முன்போலவே மனுப் போடலாம்.

ஆகவே இன்று கேட்க வேண்டிய கேள்வி, சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்பதல்ல. இந்த உயிலை யாராவது மறுப்பார்களா என்பதுதான். மனைவி, பிள்ளைகளில் ஒருவருக்குக் குறைவாகவோ ஒன்றுமே இல்லாமலோ எழுதப்பட்ட உயில், இரண்டாம் திருமணம் நடந்த குடும்பத்தின் உயில், உறவில்லாத ஒருவருக்கோ அறக்கட்டளைக்கோ எழுதிய உயில், நோய்ப்படுக்கையில் எழுதிய உயில் ஆகியவற்றுக்குப் புரோபேட் வாங்குவதே நல்லது. வீட்டை விற்கப் போகிறோம், அடமானம் வைக்கப் போகிறோம் என்றாலும் அப்படியே. வாங்குபவரின் வழக்கறிஞர் பதிவில்லாத ஓர் உயிலை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய மாட்டார். மாறாக, எல்லா வாரிசுகளும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும் குடும்பத்தில், விடுதலைப் பத்திரம் அல்லது குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் ஒன்றைப் பதிவு செய்வதிலேயே காரியம் முடிந்துவிடலாம்.

ஒரு குடும்பம், ஒரு வீடு

எடுத்துக்காட்டாக ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பார்ப்போம். ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர், சொந்தச் சம்பாத்தியத்தில் சென்னை மாம்பலத்தில் வீடு கட்டினார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மகன்களுக்கு முன்பே வேண்டியதைச் செய்துவிட்டார். கடைசிவரை பெற்றோருடன் இருந்து பார்த்துக்கொண்டது மகள். எனவே வீடு மகளுக்கு, வங்கி வைப்புத்தொகை மனைவிக்கு என்று உயில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தார். மைத்துனரை எக்ஸிகியூட்டர் ஆக்கினார். பக்கத்து வீட்டு வங்கி அதிகாரியும் குடும்ப டாக்டரும் சாட்சிகள்.

சட்டப்படி அது செல்லுபடியாகும் உயில். எழுதியவர் கையெழுத்து இருக்கிறது, அவர் கையெழுத்திட்டதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையிலேயே கையெழுத்திட்டிருக்கிறார்கள். பதிவு என்பது கட்டாயமில்லை, ஆனால் செய்தது நல்லது. பதிவு செய்ததாலேயே உயில் நிரூபணமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பதிவான உயிலையும் சாட்சியை விசாரித்துத்தான் நிரூபிக்க வேண்டும்.

அவர் இறந்ததும் மைத்துனர் மனுப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இறந்து ஏழு நாள் கழியாமல் புரோபேட் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். வீடு சென்னையில் இருப்பதால் உயர் நீதிமன்றத்தில் ஓ.பி. எனப்படும் அசல் மனுவாக அது பதிவாகும். மற்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

மனுவில் இறந்த தேதி, இதுதான் கடைசி உயில் என்ற உறுதிமொழி, முறைப்படி எழுதப்பட்டது என்ற விவரம், சொத்துகளின் பட்டியலும் மதிப்பும், நெருங்கிய வாரிசுகள் யார் யார் என்பது எல்லாம் இருக்க வேண்டும். அசல் உயில் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்படும். இறப்புச் சான்றிதழும், சாட்சிகளில் ஒருவரது பிரமாணப் பத்திரமும் சேர்க்கப்படும். "அவர் என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார், தெளிவான மனநிலையில் இருந்தார், நானும் மற்ற சாட்சியும் அவர் முன்னால் கையெழுத்துப் போட்டோம்" என்பது அந்தப் பிரமாணப் பத்திரத்தின் சாரம். முழு மனுவும் நிற்பது இந்த ஒரு காகிதத்தின் மேல்தான். நீதிமன்றக் கட்டணம் சொத்தின் மதிப்பைப் பொறுத்தது. வழக்கறிஞரிடம் போன முதல் நாளிலேயே அதைக் கணக்கிட்டுச் சொல்லச் சொல்வது நல்லது.

பிறகு மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நோட்டீஸ் போகும். நாளிதழில் பொது அறிவிப்பு வெளியாகும். இரண்டு மகன்களும் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று சம்மதப் பிரமாணப் பத்திரம் கொடுத்துவிட்டால் வேலை எளிது. சாட்சியத்தைப் பதிவு செய்து நீதிமன்றம் உத்தரவிடும். முத்திரையிட்ட உயில் நகலோடு புரோபேட் கைக்கு வரும். அது இறந்த நாளிலிருந்தே செல்லும். அதை வைத்துப் பட்டா மாற்றலாம், சொத்து வரியைப் பெயர் மாற்றலாம், வங்கியில் பணம் பெறலாம். எக்ஸிகியூட்டரின் வேலை அங்கே முடிந்துவிடாது. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் அவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

மறுப்பு வந்தால்

இளைய மகன் சம்மதிக்கவில்லை, கேவியட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் மனு வழக்காக மாறிவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதை டி.ஓ.எஸ். என்பார்கள். மைத்துனர் வாதி, இளைய மகன் பிரதிவாதி. இனி பிரமாணப் பத்திரம் போதாது. டாக்டரோ வங்கி அதிகாரியோ கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நீதிமன்றம் எதைத் தேடும்? 1959-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்தான் இன்றும் வழிகாட்டி. உயிலை முன்வைப்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதில் சந்தேகம் எழுப்பும் சூழ்நிலை ஏதாவது இருந்தால், அதைப் போக்க வேண்டியவரும் அவரே. நடுங்கிய கையெழுத்து, மருத்துவமனையில் இருந்த வாரத்தின் தேதி, காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையை முழுவதுமாக விட்டுவிட்டது, பலன் பெறுபவரே உயிலை எழுத ஏற்பாடு செய்தது ஆகியவை அப்படிப்பட்ட சூழ்நிலைகள். நம் எடுத்துக்காட்டில் மகள்தான் அப்பாவைப் பதிவு அலுவலகத்துக்கு ஆட்டோவில் அழைத்துப் போனாள் என்றால், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். குடும்ப டாக்டர் சாட்சியாக இருந்தது இங்கே காப்பாற்றும். "அன்று அவரைப் பரிசோதித்தேன், நினைவு தெளிவாக இருந்தது" என்று அவர் சொல்ல முடியும். உயிலிலேயே "மகன்களுக்கு ஏற்கெனவே இன்னின்னது கொடுத்துவிட்டேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

யாருமே மனுப் போடாவிட்டால்

இரண்டு தவறான எண்ணங்களை முதலில் களைந்துவிடலாம். மனுப் போடாததால் உயில் செத்துவிடாது. சொத்து அரசாங்கத்துக்கும் போய்விடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலும் இல்லை, எந்த வகை வாரிசும் இல்லை என்ற நிலையில் மட்டுமே சொத்து அரசைச் சேரும். வங்கி வைப்புத்தொகையைப் பத்து ஆண்டு யாரும் கேட்கவில்லை என்றால், அது ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு மாற்றப்படும். அதன் பிறகும் உரியவர் வந்து வங்கியிடம் கேட்டுப் பெறலாம். நாமினியாகப் பெயர் இருப்பவர் பணத்தை வாங்கலாம், ஆனால் பொதுவாக அவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். உரியவருக்காக வாங்கி வைத்திருப்பவர் அவர்.

ஆபத்து வேறு வகையில் வருகிறது. மாம்பலம் வீட்டுக்கே திரும்புவோம். மனுப் போடவில்லை. மகள் அங்கேயே குடியிருக்கிறாள், அப்பா பெயரிலேயே வீட்டு வரியும் கட்டுகிறாள். ஐந்து ஆண்டு கழித்து இளைய மகன் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குகிறார். அதில் நான்கு பேரின் பெயர். அதை வைத்துப் பட்டாவிலும் நான்கு பெயர் ஏறுகிறது. உயில் இல்லை என்றால் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. தன் கால் பங்கை அவர் ஒருவருக்கு விற்கிறார்.

வாங்குபவர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறார். அதில் உயில் இல்லை. பதிவு அலுவலகத்தில் வீட்டுப் பத்திரங்கள் முதல் புத்தகத்திலும் உயில்கள் மூன்றாம் புத்தகத்திலும் பதிவாகின்றன. வில்லங்கச் சான்று முதல் புத்தகத்தைப் பார்த்துத் தரப்படுவது. ஆகவே முறையாகப் பதிவான உயிலும் அதில் தெரியாது. வாங்கியவர் பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறார். அப்போதுதான் மகள் பீரோவைத் திறந்து உயிலை எடுக்கிறாள்.

213-வது பிரிவு இருந்த காலத்தில் புரோபேட் இல்லாமல் அந்த உயிலை நீதிமன்றம் ஏற்றிருக்காது. இன்று ஏற்கும். ஆனால் நிரூபிக்க வேண்டும். எக்ஸிகியூட்டரான மாமா இறந்துவிட்டார். வங்கி அதிகாரியும் இல்லை. டாக்டர் இருக்கிறார், ஞாபகம் இல்லை. ஒரு சாட்சியாவது உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருந்தால் அவரை விசாரித்தே ஆக வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். இருவரும் இல்லை என்றால் சாட்சி ஒருவரின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் தெரிந்தவர்களை வைத்து நிரூபிக்கலாம், அது கடினமான வழி. முப்பது ஆண்டு பழைய பத்திரம் என்றால் உண்மை என்று அனுமானிக்கும் சலுகை உயிலுக்குக் கிடையாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதற்கிடையே மூத்த மகன் இறக்கிறார். இந்துச் சட்டப்படி அவருடைய பங்கு அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், அவருடைய தாய் ஆகிய நால்வருக்குப் பிரியும். பிறகு தாயும் இறந்தால் அவர் பங்கு மீண்டும் மகன், மகள், மூத்த மகனின் பிள்ளைகள் என்று பிரியும். உயிலை நிரூபிக்க முடியாமல் போனால், முழு வீட்டுக்கும் உரியவளாக அப்பா நினைத்த மகளுக்கு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். வீட்டுக்கு உரிமையாளர்கள் ஆறு பேர், அவர்களில் ஒருவர் வெளியார்.

தாமதமானவர்களுக்கு வழி அடைபட்டுவிடுவதில்லை. இறந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால், தாமதத்துக்கான காரணத்தை மனுவில் விளக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற விதி கேட்கிறது. மூன்று ஆண்டுக் காலவரம்பு புரோபேட் மனுவுக்கும் பொருந்தும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது இறந்த நாளிலிருந்து தானாக ஓடத் தொடங்குவதில்லை, மனுப் போட வேண்டிய அவசியம் எழும்போது ஓடத் தொடங்குகிறது. யாராவது உயிலை மறுத்துப் பேசிய நாள், வக்கீல் நோட்டீஸ் வந்த நாள் போன்றவை அதற்கு அடையாளம். அப்படி ஒரு நோட்டீஸ் வந்த பிறகும் சும்மா இருப்பதுதான் மிகப் பெரிய தவறு. காரணம் சொல்லப்படாத நீண்ட மௌனமே உயிலின் மேல் ஒரு சந்தேகமாகவும் விழும்.

உயிலை ஒருவர் மறைத்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தாலும் வழி உண்டு. அதைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி நீதிமன்றம் அவருக்கு உத்தரவிடலாம். பதிவான உயில் என்றால், எழுதியவர் இறந்த பிறகு இறப்புச் சான்றிதழைக் காட்டிச் சார்பதிவாளரிடம் நகல் கேட்கலாம்.

ஆகவே உயில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களைவிட வயதில் இளையவர்களை, எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டியிராதவர்களை சாட்சியாக வையுங்கள். அவர்களில் ஒருவர் டாக்டராக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பிள்ளைக்குக் குறைத்தால் காரணத்தை உயிலிலேயே எழுதுங்கள். அசல் எங்கே இருக்கிறது என்பதை எக்ஸிகியூட்டரிடம் சொல்லிவையுங்கள். உயிலைக் கையில் வைத்திருப்பவர்களே, காரியங்கள் முடிந்த மாதத்திலேயே சாட்சிகள் இருவரும் நலமாக இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். மறுப்பு வரக்கூடும் என்று சிறிது சந்தேகம் இருந்தாலும் அவர்கள் இருக்கும்போதே மனுப் போட்டுவிடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இந்தக் காலத்தில், அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.